பொது மருத்துவ வார்டில் மனநிலைப் பரிசோதனை: பயிற்சி மருத்துவர்களுக்குக் கற்றுக்கொடுக்கப் போகிறவர்களுக்கு

பயிற்சி மருத்துவர்களுக்கு மனநிலைப் பரிசோதனை சொல்லிக்கொடுக்கும் வேலை என்னிடம் வந்தபோது, பாடநூலில் உள்ள வரிசையை அப்படியே பலகையில் எழுதினேன். தோற்றமும் நடத்தையும், பேச்சு, மனநிலை, எண்ணம், புலனுணர்வு, அறிவாற்றல், நோய் பற்றிய புரிதல். எல்லோரும் எழுதிக்கொண்டார்கள். அடுத்த வாரம் வார்டில் கேஸ் ஷீட்டுகளைப் புரட்டினேன். ஏறக்குறைய எல்லாவற்றிலும் இரண்டே சொற்கள் இருந்தன: ‘கான்ஷியஸ், ஓரியண்டட்’. அவற்றில் ஒன்று, முந்தைய இரவு கையில் இருந்த ஊசிக்குழாயைப் பிடுங்கிவிட்டு, மாடு அவிழ்த்துக்கொண்டு ஓடிவிட்டது என்று கட்டிலிலிருந்து இறங்கப் பார்த்த ஒரு முதியவருடையது.

பிழை அவர்களுடையது இல்லை. நான் சொல்லிக்கொடுத்தது மனநலப் பிரிவின் அறைக்கு ஏற்ற பரிசோதனை. அங்கே கதவைச் சாத்திக்கொண்டு ஒரு மணி நேரம் பேசலாம். பொது மருத்துவ வார்டில் பக்கத்துக் கட்டில் ஓர் அடி தள்ளி இருக்கிறது, உறவினர் கட்டிலுக்குக் கீழே பாய் விரித்திருக்கிறார், நோயாளிக்குக் காய்ச்சலும் மூச்சிரைப்பும் இருக்கின்றன. அங்கே கேட்க வேண்டிய முதல் கேள்வியும் வேறு: இவருடைய மூளை இந்த நேரத்தில் சரியாக வேலை செய்கிறதா, இல்லையா? அதைச் சரியாகக் கேட்கக் கற்றுக்கொடுக்க எனக்கு இரண்டு ஆண்டுகள் பிடித்தன. உங்களுக்கு இரண்டு வாரத்தில் முடிய வேண்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

1. நான்கு அமர்வுகளை ஒதுக்குங்கள்

இப்போதைய விதிப்படி பயிற்சி மருத்துவர் பொது மருத்துவத்தில் ஆறு வாரமும் மனநலப் பிரிவில் இரண்டு வாரமும் இருக்கிறார். மனநலப் பிரிவுக்குப் போகும்போது கற்றுக்கொள்ளட்டும் என்று விட்டுவிடாதீர்கள். சிலர் அங்கே முதலில் போய்விட்டு வருவார்கள், சிலர் கடைசியில்தான் போவார்கள். பொது மருத்துவத்தின் முதல் இரண்டு வாரத்துக்குள் நான்கு அமர்வுகள், தலா நாற்பது நிமிடம் போதும்.

முதல் நாள் நீங்கள் பரிசோதியுங்கள், அவர்கள் பார்த்து எழுதட்டும். இரண்டாம் நாள் இருவர் இருவராகப் பிரியுங்கள். ஒருவர் கேட்கட்டும், இருவருமே தனித்தனித் தாளில் எழுதட்டும். பிறகு இரண்டு தாள்களையும் அருகருகே வையுங்கள். எங்கே வேறுபடுகின்றனவோ அங்கேதான் அன்றைய பாடம் இருக்கிறது. மூன்றாம் நாள் தனியாகப் பரிசோதித்துவிட்டு வந்து உங்களிடம் வாசித்துக் காட்டட்டும். நான்காவதைப் பகலில் வைக்காதீர்கள். அவர்களுடைய இரவு டியூட்டியின்போது, பத்து மணிக்கு மேல், பகலில் பார்த்த அதே நோயாளியை மறுபடியும் பார்க்கச் சொல்லுங்கள். இந்த நான்காவது அமர்வைத்தான் நான் முதல் ஆண்டு விட்டுவிட்டேன். டெலிரியம், அதாவது உடல் நோயால் திடீரென்று வரும் மனக்குழப்பம், இரவில் கூடும் என்பதைப் பலகையில் எழுதிக் காட்டினால் யாருக்கும் பதியவில்லை.

நேரம் தேர்ந்தெடுப்பதிலும் கவனம் வேண்டும். காலை ரவுண்ட்ஸ் நேரமும் பார்வையாளர் நேரமும் உதவாது. மதிய உணவு முடிந்து வார்டு சற்று அடங்கும் இரண்டரை மணி எனக்கு ஒத்துவந்தது. ஒரு நோயாளிக்குப் பத்து நிமிடம். அதற்கு மேல் போனால் உடம்பு முடியாதவர் களைத்துப்போவார். அந்தக் களைப்பைக் கவனக்குறைவு என்று எழுதிவிடும் ஆபத்தும் இருக்கிறது.

2. தேவையான தாள்களும் செலவும்

ஒரு நோயாளிக்கு ஒரு பக்கத் தாள், அவ்வளவுதான். கட்டுரையின் கடைசியில் உள்ள சரிபார்ப்புப் பட்டியலை நகலெடுத்துக்கொள்ளலாம். நகலெடுக்கும் சில்லறைச் செலவைத் தவிர வேறு செலவு இல்லை. ஆளுக்கொரு பிரதியை உறை போட்டுச் சட்டைப் பையில் வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

அளவுகோல் ஒன்றும் வேண்டும் என்றால் 4ஏடி போதும். அது இலவசம், இரண்டு மூன்று நிமிடத்தில் முடியும். விழிப்பு நிலை, நான்கு சிறு கேள்விகள், மாதங்களைப் பின்னாலிருந்து சொல்வது, திடீர் மாற்றம் அல்லது ஏற்ற இறக்கம் என்று நான்கு பகுதிகள். நான்கு அல்லது அதற்கு மேல் மதிப்பெண் வந்தால் டெலிரியம் இருக்கக்கூடும் என்று எடுத்துக்கொள்ள வேண்டும். அறிவாற்றலைச் சோதிக்கப் பலருக்கும் பழக்கமான எம்.எம்.எஸ்.இ. படிவம் காப்புரிமை உள்ளது, காசு கொடுத்து வாங்க வேண்டியது. அதைவிட முக்கியம், அதில் எழுதவும் படிக்கவும் சொல்லும் பகுதிகள் இருக்கின்றன. பள்ளிக்கூடம் போகாதவருக்கு அங்கே குறையும் மதிப்பெண்ணுக்கும் நோய்க்கும் தொடர்பில்லை.

3. கட்டிலுக்குப் போகும் முன் ஐந்து நிமிடம்

பயிற்சி மருத்துவர்கள் நேராக நோயாளியிடம் போய்விடுவார்கள். நிறுத்துங்கள். முதலில் மூன்று தாள்களைப் பார்க்கச் சொல்லுங்கள்.

ஒன்று, செவிலியரின் இரவுக் குறிப்பு. ‘நோயாளி தூங்கவில்லை’, ‘சத்தம் போட்டார்’, ‘சிறுநீர்க் குழாயை இழுத்தார்’ என்ற வரிகள் அங்கேதான் இருக்கும். இரண்டு, மருந்துப் பட்டியல். தூக்க மருந்து எப்போது கொடுக்கப்பட்டது? அரிப்புக்கோ சளிக்கோ கொடுத்த அவில், பெனர்கன் போன்றவை முதியவர்களின் தெளிவைக் குலைக்கும். பூச்சிமருந்து குடித்தவருக்கு அட்ரோபின் ஓடிக்கொண்டிருந்தால், அவர் காற்றில் எதையோ பிடிக்கப் பார்ப்பது மனநோயாக இல்லாமல் அட்ரோபின் அளவு மிஞ்சியதாக இருக்கலாம். கண் பாவை, தோலின் வறட்சி, உடல் சூடு, நாடித் துடிப்பு, வயிற்றில் குடல் சத்தம் ஆகியவற்றைப் பார்த்துவிட்டுப் பேசச் சொல்லுங்கள். மூன்று, அன்றைய சர்க்கரை, ஆக்சிஜன், காய்ச்சல், கடைசியாக எடுத்த சோடியம். விரல் நுனியில் சர்க்கரை பார்க்க ஒரு நிமிடம் ஆகாது. குழப்பமாக இருக்கும் நோயாளிக்கு அதைப் பார்க்காமல் மனநிலைப் பரிசோதனை தொடங்கக் கூடாது என்பது என் வார்டில் விதி.

பிறகு உடனிருப்பவரிடம் இரண்டே கேள்விகள். ‘வீட்டில் எப்போதும் இப்படித்தான் இருப்பாரா, இல்லை இந்த இரண்டு மூன்று நாளாகத்தான் இப்படியா?’ இது முதல் கேள்வி. இதற்கு வரும் பதில் பாதி நோயைச் சொல்லிவிடும். மறதி நோய் மாதக்கணக்கில், ஆண்டுக்கணக்கில் வருவது. டெலிரியம் மணிக்கணக்கில், நாள்கணக்கில் வருவது. இரண்டாவது, ‘குடிப்பழக்கம் உண்டா? கடைசியாகக் குடித்தது எந்த நாள், எந்த நேரம்?’ கால் முறிவுக்கோ நுரையீரல் சளிக்கோ சேர்ந்தவர் மூன்றாம் நாள் நடுங்கி, வியர்த்து, சுவரில் பூச்சி ஊர்கிறது என்றால், குடி நின்றதிலிருந்து மணிக்கணக்கை எண்ணிப் பாருங்கள். பெரும்பாலும் அது 48 மணிக்கும் 96 மணிக்கும் இடையில் இருக்கும். குடிக்கிறாரா என்று மொட்டையாகக் கேட்டால் மனைவி இல்லை என்றுதான் சொல்வார். கடைசியாக எப்போது என்று கேட்டால் சொல்லிவிடுவார்.

கிராமத்து உறவினர்கள் டெலிரியத்தை ‘ஜன்னி கண்டிருக்கிறது’, ‘பிதற்றுகிறார்’, சில வேளை ‘காத்து கருப்பு’ என்பார்கள். அந்தச் சொல்லை மாற்றாமல் எழுதிக்கொள்ளச் சொல்லுங்கள். ஜன்னி என்று சொல்பவர் திடீரென்று வந்தது, காய்ச்சலோடு வந்தது, வந்து வந்து போகிறது என்ற மூன்று தகவல்களை நமக்குக் கொடுத்துவிட்டார்.

4. கவனத்தில் தொடங்குங்கள்

பாடநூல் வரிசையில் அறிவாற்றல் கடைசியில் வருகிறது. வார்டில் அதை முன்னால் கொண்டுவாருங்கள். விழிப்பையும் கவனத்தையும் பார்த்த பிறகுதான் மற்றவை. கவனம் நிற்காதவரிடம் மூன்று பொருள்களின் பெயரைச் சொல்லி ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டால், அவர் சொல்ல மாட்டார். நினைவாற்றல் குறைவு என்று எழுதுவோம். அந்தப் பெயர்கள் அவருக்குள் போகவே இல்லை என்பதுதான் உண்மை. கவனம் குலைந்திருந்தால் அதற்குப் பிறகு பார்க்கும் எதையும் நம்பிக்கையோடு எழுத முடியாது என்று முதல் நாளே சொல்லிவிடுங்கள்.

விழிப்பைப் பார்க்கத் தனிக் கேள்வி வேண்டாம். அருகே போய்ச் சாதாரணக் குரலில் கூப்பிடுங்கள். ‘பாட்டி’ என்றோ ‘ஐயா’ என்றோ கூப்பிட்டதும் கண் திறந்து உங்களைப் பார்க்கிறாரா? பார்த்துப் பத்து நொடி நிலைக்கிறாரா, மறுபடியும் கண் மூடுகிறதா? எழுத வேண்டியது இதைத்தான்.

கவனத்துக்கு நான் பயன்படுத்துவது கிழமைகள். முதலில் நேராகச் சொல்லச் சொல்லுங்கள்: ஞாயிறு, திங்கள், செவ்வாய் என்று. அது வந்தால், சனிக்கிழமையில் தொடங்கிப் பின்னோக்கிச் சொல்லச் சொல்லுங்கள். பள்ளி போகாதவர்களும் செய்துவிடுவார்கள். மாதங்கள் என்றால், வயலில் வேலை செய்த முதியவருக்குச் சித்திரை முதல் பங்குனி வரை சரளமாக வரும். இளைஞருக்கு ஜனவரி, பிப்ரவரிதான் வரும். எது நேராகச் சொல்ல வருகிறதோ அதை மட்டுமே பின்னாலிருந்து கேட்க வேண்டும். ஒரு எச்சரிக்கை: 4ஏடி மதிப்பெண் மாதங்களுக்கு வகுக்கப்பட்டது. கிழமைகளை வைத்துச் செய்தால் மதிப்பெண் போடாமல், அவர் சொன்னதை அப்படியே எழுதுங்கள்.

பேச முடியாதவருக்கு, மூக்கில் குழாய் இருப்பவருக்கு, கை அழுத்தும் சோதனை இருக்கிறது. அவர் கைக்குள் உங்கள் இரண்டு விரல்களை வைத்து, ‘எட்டு என்று நான் சொல்லும்போது மட்டும் அழுத்துங்கள்’ என்று சொல்லுங்கள். பிறகு நொடிக்கு ஒன்றாகப் பத்து எண்கள்: மூன்று, எட்டு, ஐந்து, ஒன்று, எட்டு, எட்டு, இரண்டு, ஆறு, எட்டு, நான்கு. எட்டுக்கு அழுத்தாமல் விட்டதும் பிழை, மற்றதற்கு அழுத்தியதும் பிழை. மூன்று அல்லது அதற்கு மேல் பிழை இருந்தால் கவனம் குலைந்திருக்கிறது. விரலை வைத்தாலே அழுத்திக்கொண்டிருப்பவர்கள் உண்டு. அதனால் ‘இப்போது விடுங்கள்’ என்று சொல்லி முதலில் ஒருமுறை பழக்கிவிடுங்கள்.

பயிற்சி மருத்துவர்கள் வழக்கமாகச் செய்யும் பிழை, நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழிக்கச் சொல்வது. அது கணக்குத் தேர்வாகிவிடுகிறது. கழித்தல்தான் வேண்டும் என்றால் இருபது ரூபாயில் மூன்று மூன்று ரூபாயாகக் கழிக்கச் சொல்லலாம். காய்கறி விற்பவர்கள் மனக்கணக்காகவே சொல்லிவிடுவார்கள்.

காலமும் இடமும் கேட்கும்போது நம் ஊருக்குப் பொருந்தக் கேளுங்கள். பல முதியவர்களுக்குப் பிறந்த தேதி முன்பும் தெரியாது, இப்போதும் தெரியாது. ஆதாரில் இருப்பதும் தோராயம்தான். தெரியவில்லை என்றால் மகளிடம் ‘முன்பு சொல்வாரா?’ என்று கேட்டுவிட்டு எழுதுங்கள். இடத்துக்கு ‘ஆஸ்பத்திரி’ என்றால் போதும், வார்டு எண் தேவையில்லை. காலத்துக்கு, இது காலையா மாலையா, பொங்கல் போய்விட்டதா இனிமேல்தானா, தமிழில் என்ன மாதம் என்பவை தேதியைவிடத் தெளிவாகக் காட்டிக்கொடுக்கும்.

5. ஒரு நோயாளியை மூன்று முறை பார்த்த கதை

இதை ஒவ்வொரு குழுவுக்கும் சொல்கிறேன். அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

64 வயது அம்மா ஒருவர். இரத்த அழுத்தத்துக்குத் தையசைடு கலந்த மாத்திரை எடுத்துக்கொண்டிருந்தார். மூன்று நாள் வாந்தி, பேதி என்று வார்டில் சேர்க்கப்பட்டார். இரண்டாம் நாள் பேச்சு குறைந்தது, சாப்பாடு வேண்டாம் என்றார், சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். மகன், ‘நாலு மாதத்துக்கு முன் அப்பா தவறிவிட்டார், அதிலிருந்தே அம்மா இப்படித்தான்’ என்றார். பயிற்சி மருத்துவர் கேஸ் ஷீட்டில் எழுதியது: ‘மனச்சோர்வு, மனநல ஒபினியன் தேவை’. மனச்சோர்வு மாத்திரை தொடங்கலாமா என்றும் கேட்டிருந்தார்.

நல்ல மனதுள்ள பிள்ளை அவர். துக்கத்தைக் கவனித்திருந்தார். ஆனால் கவனத்தைச் சோதிக்கவில்லை. அவரையே கூட்டிக்கொண்டு மாலை நான்கு மணிக்குப் போனேன். ‘அம்மா’ என்று கூப்பிட்டதும் கண் திறந்தார், நான்கைந்து நொடியில் மூடிக்கொண்டார். கிழமைகளை நேராகச் சொன்னார். பின்னோக்கிச் சொல்லச் சொன்னபோது ‘சனி, வெள்ளி’ என்றார், நின்றார், பிறகு ‘ஞாயிறு, திங்கள்’ என்று நேராகப் போனார். மறுபடியும் கேட்டபோது கேள்வியையே மறந்துவிட்டார். துக்கத்தில் இருப்பவர் பதில் சொல்ல மறுப்பார், மெதுவாகச் சொல்வார், ‘என்னை விடுங்கள்’ என்பார். தொடங்கிவிட்டு நடுவில் தடம் மாறுவது வேறு. அந்த இடத்தைத்தான் பயிற்சி மருத்துவருக்குக் காட்ட விரும்பினேன்.

மகனிடம், ‘நான்கு மாதமாக இப்படிப் பகலில் தூங்கி வழிந்தாரா?’ என்று கேட்டேன். ‘இல்லை, முந்தாநாள்வரை சமைத்தார், அழுவார், ஆனால் பேசுவார்’ என்றார். ஆக இரண்டு தனித்தனி விஷயங்கள் இருந்தன: நான்கு மாதத் துக்கம், இரண்டு நாள் மாற்றம். இரத்தம் எடுத்தோம். சோடியம் 114, மிகக் குறைவு.

மனச்சோர்வுக்கு முதலில் எழுதும் மாத்திரைகளில் பல, சோடியத்தை மேலும் இறக்கக்கூடியவை. அன்று அதைத் தொடங்கியிருந்தால் என்னவாகியிருக்கும் என்பதைப் பயிற்சி மருத்துவரே சொல்லிவிட்டார். சோடியத்தை இறக்கக்கூடிய தையசைடு நிறுத்தப்பட்டது. 24 மணி நேரத்தில் 8-க்கு மேல் ஏறாதபடி சோடியத்தை மெதுவாக ஏற்றினார்கள். வேகமாக ஏற்றினால் மூளை நரம்புகளின் உறை சேதமடையும்.

இரண்டாவது பரிசோதனை அன்றிரவு பதினொரு மணிக்கு. போர்வை நூலைப் பிடுங்குவது போல விரல்கள் அசைந்துகொண்டிருந்தன. எப்போதோ இறந்துபோன அக்காவைக் கூப்பிட்டார். பகலில் அமைதியாகப் படுத்திருந்த அதே அம்மாதான். சத்தம் போடும் டெலிரியத்தை எல்லோரும் கண்டுபிடிக்கிறார்கள். சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருக்கும் டெலிரியம்தான் மனச்சோர்வு என்றோ ‘தொந்தரவில்லாத நோயாளி’ என்றோ கடந்துபோய்விடுகிறது.

மூன்றாவது பரிசோதனை ஆறாம் நாள், சோடியம் 132. கிழமைகளைப் பின்னோக்கித் தடையில்லாமல் சொன்னார். அப்போதுதான் மனநிலை பற்றிக் கேட்டோம். கணவரைப் பற்றிப் பேசும்போது அழுதார். ஆனால் பேரன் படிப்பைப் பற்றிக் கேட்டதும் முகம் மலர்ந்தது, பசிக்கிறது என்றார், சாக வேண்டும் என்ற எண்ணம் இல்லை. மனச்சோர்வு நோய் என்று எழுதவில்லை, துக்கம் என்று எழுதினோம். மூன்று பொருள்களில் இரண்டைத்தான் நினைவில் வைத்திருந்தார். டெலிரியம் முற்றாக விலக வாரங்கள் ஆகலாம் என்பதால், மறதி நோய் என்று எதுவும் எழுதாமல், ஆறு வாரம் கழித்துப் புறநோயாளிப் பிரிவில் மறுபடியும் சோதிக்கத் தேதி கொடுத்தோம்.

6. உணர்வு, எண்ணம், குரல்கள்: தமிழில் எப்படிக் கேட்பது

பயிற்சி மருத்துவர்கள் ஆங்கிலப் பாடநூலின் கேள்வியைத் தமிழாக்கிக் கேட்கிறார்கள். ‘காதில் குரல் கேட்கிறதா?’ என்றால் நோயாளி ‘கேட்கிறதே, நீங்கள் பேசுகிறீர்களே’ என்பார். அதற்கு ஆமாம் என்று கட்டம் போட்டு, மனநலப் பிரிவுக்குக் கடிதம் எழுதிய ஒரு தாளை நானே பார்த்திருக்கிறேன். ‘பக்கத்தில் ஆள் யாரும் இல்லாதபோது யாரோ பேசுவது போலக் கேட்டதுண்டா? மற்றவர்களுக்குக் கேட்காதது உங்களுக்கு மட்டும் கேட்டதா?’ என்று கேட்கச் சொல்லுங்கள். கண்ணுக்குத் தெரிவதையும் அப்படியே கேட்க வேண்டும். உடல் நோயால் வரும் குழப்பத்தில் குரலைவிட உருவங்கள் தெரிவதே அதிகம். பூச்சி, எறும்பு, பாம்பு, இறந்துபோனவர் என்று சொல்வார்கள். கேட்காமல் சொல்ல வெட்கப்படுவார்கள்.

‘மனசு எப்படி இருக்கிறது?’ என்ற கேள்விக்கு வார்டில் வரும் பதில் பெரும்பாலும் உடம்பைப் பற்றியதுதான். நெஞ்சு பாரமாக இருக்கிறது, தலை கனக்கிறது, உடம்பெல்லாம் எரிகிறது. இவற்றை உடல் அறிகுறி என்று ஒதுக்க வேண்டாம், மனநிலை என்று முடிவு கட்டவும் வேண்டாம். சொன்னபடியே மேற்கோளில் எழுதிவிட்டு, ‘முன்பு ஆசையாகச் செய்த ஏதாவது இப்போது வேண்டாம் என்று தோன்றுகிறதா?’ என்று கேளுங்கள். பசியின்மையும் தூக்கமின்மையும் இருமலால்கூட வரும், வார்டு விளக்கால்கூட வரும். ஆசை அற்றுப்போவதும், தான் குடும்பத்துக்குச் சுமை என்ற எண்ணமும்தான் உடல் நோயாளியிடம் மனச்சோர்வைப் பிரித்துக் காட்டும்.

7. உயிரை முடித்துக்கொள்ளும் எண்ணம் பற்றிக் கேட்பது

நம் வார்டுகளில் எலி மருந்து, பூச்சிமருந்து, அரளி விதை என்று வருபவர்கள் எப்போதும் இருக்கிறார்கள். உறவினர் ‘தெரியாமல் குடித்துவிட்டார்’ என்பார். பயிற்சி மருத்துவர் அதையே எழுதிவிடுவார். உறவினரை மருந்துச் சீட்டோடு வெளியே அனுப்பிவிட்டு, நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்து, தாழ்ந்த குரலில் கேட்கப் பழக்குங்கள். நின்றுகொண்டு கேட்டால் பக்கத்துக் கட்டிலுக்கும் கேட்கும்.

கேள்விகளைப் படிப்படியாகக் கொண்டுபோகலாம். வாழ்க்கை சலித்துவிட்டது போலத் தோன்றியதா? இப்படியே தூக்கத்தில் போய்விட்டால் நல்லது என்று நினைத்ததுண்டா? நீங்களே உயிரை முடித்துக்கொள்ளலாம் என்று எண்ணினீர்களா? எப்படி, எப்போது என்று யோசித்தீர்களா? இப்போது, இங்கே, அந்த எண்ணம் இருக்கிறதா? கேட்பதால் எண்ணம் புதிதாக வந்துவிடும் என்ற பயம் பயிற்சி மருத்துவர்களுக்கு உண்டு. அப்படி நடப்பதில்லை. யாராவது கேட்க மாட்டார்களா என்று காத்திருந்தவர்களைத்தான் நான் அதிகம் பார்த்திருக்கிறேன்.

போலீஸ் வழக்கு வரும் என்ற பயத்தில்தான் பலர் மறைக்கிறார்கள். 2017-ஆம் ஆண்டின் மனநலப் பாதுகாப்புச் சட்டம், பிரிவு 115, தற்கொலைக்கு முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்ததாகவே கொள்ள வேண்டும், வேறுவிதமாக நிரூபிக்கப்படாவிட்டால் அவரைத் தண்டிக்கக் கூடாது என்கிறது. இதை நோயாளியிடம் எளிமையாகச் சொல்லலாம். எம்.எல்.சி. எனப்படும் மருத்துவ-சட்டப் பதிவு வழக்கப்படி நடக்கும் என்பதையும் மறைக்க வேண்டாம். ‘யாரிடமும் சொல்ல மாட்டேன்’ என்று மட்டும் எந்தப் பயிற்சி மருத்துவரும் வாக்குக் கொடுக்கக் கூடாது. ஆம் என்று பதில் வந்தால், அன்றே மூத்த மருத்துவரிடம் நேரில் சொல்ல வேண்டும், கட்டிலைச் செவிலியர் மேசைக்கு அருகே மாற்ற வேண்டும், கூடவே ஒருவர் இருக்க வேண்டும். ஒபினியன் கடிதம் போய்ச் சேரும்வரை காத்திருப்பது அந்த இரவை வீணாக்குவது.

8. எழுதும் முறை

‘கான்ஷியஸ், ஓரியண்டட்’ என்ற இரண்டு சொற்களுக்கு நான் தடை போட்டுவிட்டேன். அவற்றின் இடத்தில் பார்த்ததும் கேட்டதும் வர வேண்டும். ‘நோயாளி ஒத்துழைக்கவில்லை’ என்பதும் அதேபோல ஆபத்தான வரி. ஒத்துழைக்காதவர் யார், ஒத்துழைக்க முடியாதவர் யார் என்பதை அது மறைத்துவிடுகிறது. ‘கேள்விக்குக் கண் திறந்தார், பதில் சொல்லும் முன் தூங்கிவிட்டார், மூன்று முறை’ என்று எழுதினால், அடுத்த டியூட்டிக்கு வருபவர் ஒப்பிட்டுப் பார்க்க முடியும்.

மனநலப் பிரிவுக்கு எழுதும் கடிதத்திலும் இதுவே. மாற்றம் எப்போது தொடங்கியது, கவனச் சோதனையில் அவர் சொன்ன சொற்கள், சர்க்கரையும் சோடியமும், ஓடிக்கொண்டிருக்கும் மருந்துகள், நீங்கள் கேட்க விரும்பும் ஒரே கேள்வி. ஐந்து வரி போதும். ‘நடத்தை சரியில்லை, பார்த்துச் சொல்லவும்’ என்று போகும் கடிதம் இதே கேள்விகளோடு திரும்பி வரும், நடுவில் ஒரு நாள் போய்விடும்.

9. சரிபார்ப்புப் பட்டியல்

நகலெடுத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு வரிக்கு எதிரிலும் இரண்டு வரி எழுத இடம் விடுங்கள். ஆம், இல்லை என்று கட்டம் மட்டும் போட்டால் மறுபடியும் பழைய இரண்டு சொற்களுக்கே திரும்பிவிடுவார்கள்.

☐ தேதி, நேரம், பரிசோதித்தவர் பெயர்
☐ சர்க்கரை, ஆக்சிஜன், வெப்பநிலை, கடைசி சோடியம்
☐ கடந்த 24 மணி நேரத்தில் கொடுத்த தூக்க மருந்து, அவில், அட்ரோபின் போன்றவை
☐ செவிலியரின் இரவுக் குறிப்பு படித்தாயிற்றா
☐ கண்ணாடி, காது கேட்கும் கருவி போட்டிருக்கிறாரா. எந்த மொழி பேசுகிறார்
☐ உடனிருப்பவர் சொன்னது: மாற்றம் எப்போதிலிருந்து; கடைசியாகக் குடித்தது எப்போது
☐ விழிப்பு: கூப்பிட்டதும் என்ன செய்தார், எத்தனை நொடி நிலைத்தார்
☐ கவனம்: கிழமைகள், மாதங்கள் அல்லது கை அழுத்தல், அவர் சொன்னது அப்படியே
☐ காலம், இடம்
☐ தோற்றம், அசைவு, பேச்சு: பார்த்தது மட்டும்
☐ மனநிலை: அவர் சொற்களில், முகத்தில் தெரிந்தது
☐ எண்ணம்: சுமை, பயம், சந்தேகம், உயிரை முடித்துக்கொள்ளும் எண்ணம் கேட்டாயிற்றா
☐ பிறருக்குக் கேட்காத, தெரியாதவை
☐ நினைவு: மூன்று பொருள்கள் (கவனம் சரியாக இருந்தால் மட்டும்)
☐ எதற்காகச் சேர்க்கப்பட்டோம் என்று அவர் நினைக்கிறார்
☐ மறுபடியும் பார்க்க வேண்டிய நேரம், யாரிடம் சொல்லப்பட்டது

10. கற்றுக்கொண்டார்களா என்று பார்ப்பது

தேர்வு வைக்க வேண்டாம். ஆறு வாரம் முடிவதற்குள் ஒவ்வொருவரும் ஐந்து தாள்களைக் கொடுக்க வேண்டும், அவற்றில் இரண்டு, ஒரே நோயாளியைப் பகலிலும் இரவிலும் பார்த்ததாக இருக்க வேண்டும். அந்த நோயாளிகளில் ஒருவராவது முற்றிலும் தெளிவாக இருப்பவராக இருக்கட்டும். நலமாக இருப்பவர் கிழமைகளைப் பின்னோக்கி எவ்வளவு வேகமாகச் சொல்கிறார் என்று தெரியாதவருக்கு, தடுமாற்றம் எது என்றும் தெரியாது. தாளை வாங்கியதும் நான் முதலில் பார்ப்பது கவனம் என்ற வரியை. அங்கே ‘குறைவு’ என்று மட்டும் இருந்தால், திருப்பிக் கொடுத்து, நோயாளி சொன்ன சொற்களை எழுதிவரச் சொல்வேன். அடுத்துப் பார்ப்பது நேரத்தை. அது எழுதப்படாத தாளில் நான் கையெழுத்துப் போடுவதில்லை.